ஃப்ரிட்ஜை வெட்ட முடியாது, புள்ளி போடலாம்

"நானும் கணவரும் சண்டை வேண்டாம் என்று பேசியே பிரிகிறோம். அவர் கோத்தகிரி வீட்டிலேயே இருக்கிறார். எனக்குக் குன்னூரில் வாடகை வீடு பார்த்தாயிற்று. நகை, பேங்க் பணம் எல்லாம் முடிந்தது. ஆனால் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், கட்டில் என்று பேச்சு எடுத்தாலே குரல் உயர்ந்துவிடுகிறது. பெரியவர்களைக் கூப்பிட்டால் இன்னும் மோசமாகிறது. புள்ளி போட்டுப் பிரிக்கிற முறை ஒன்று இருக்கிறது என்றார்கள். அது எப்படி? ஒரு பொருளைப் பாதியாக்க முடியாதபோது என்ன செய்வது?"

அந்த முறைக்கு அட்ஜஸ்டட் வின்னர் என்று பெயர். ஸ்டீவன் பிராம்ஸ் என்ற அரசியல் அறிஞரும் அலன் டெய்லர் என்ற கணித அறிஞரும் 1990-களில் அமெரிக்காவில் வகுத்தது. பிரிந்துபோகும் தம்பதிகள் சொத்தைப் பிரிப்பதை அவர்களே முக்கியமான உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். கூட்டல் கழித்தல், கொஞ்சம் வகுத்தல், அவ்வளவுதான் கணக்கு. ஒரு சாயங்காலம் போதும். சமரசப் பேச்சுகளில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கஷ்டம் கணக்கில் இல்லை, அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

முதல் வேலை, பட்டியலில் எது வரலாம், எது வரக்கூடாது என்று பிரிப்பது. நம் ஊரில் கல்யாணத்தின்போது கட்டில், பீரோ, கிரைண்டர், பாத்திரம் என்று பெண் வீட்டுச் சீராக வந்த பொருள் நிறைய இருக்கும். அது பெண்ணுக்கே உரிய ஸ்திரீதனம். அது மாமியார் வீட்டுக்குள் வந்துவிட்டதால் இருவருக்கும் பொதுவாகிவிடாது என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் சீர்ப் பொருளைப் பட்டியலில் எழுதி, அதற்கு நீங்களே புள்ளி செலவழித்து வாங்கினால், உங்கள் பொருளை நீங்களே விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். அதேபோல அவர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது, அவர் தாத்தா வீட்டிலிருந்து வந்தது எல்லாம் அவருடையது. அவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். தவணை பாக்கி இருக்கும் பொருள் என்றால், மீதித் தவணையை யார் கட்டுவது என்று முடிவு செய்த பிறகே பட்டியலில் ஏற்றுங்கள்.

தட்டு, டம்ளர், போர்வை போன்ற சின்னச் சாமானுக்குப் புள்ளி போடாதீர்கள். அதெல்லாம் நீங்கள் ஒன்று, அவர் ஒன்று என்று மாறி மாறி எடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆறிலிருந்து பத்து பெரிய பொருள்தான் புள்ளிக்கு ஏற்றது. சேர்ந்தே பயன்படும் பொருள்களை ஒன்றாகவே எழுதுங்கள்: டிவியும் அதன் ஸ்டெபிலைசரும் ஒரு வரி, தையல் மெஷினும் அதன் மேசையும் ஒரு வரி. தனித்தனியாக எழுதினால் ஒருவருக்கு டிவியும் மற்றவருக்கு ஸ்டெபிலைசரும் போய்ச் சேரும், இரண்டாலும் பிரயோஜனம் இருக்காது.

சரி, இப்போது புள்ளி. ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி. பட்டியலில் உள்ள பொருள்களின் மேல் அதை முழுவதுமாகப் பங்கிட வேண்டும். எது எவ்வளவு வேண்டும் என்பதுதான் கேள்வி, கடை விலை எவ்வளவு என்பதல்ல. பலருக்கு எண்ணாக நினைக்க வராது. அவர்களுக்கு நான் நூறு மொச்சைக் கொட்டையைக் கொடுத்து, பொருள் பெயர் எழுதிய தாள்களின் மேல் வைக்கச் சொல்வேன். கை தானாக ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கும். கை நிற்கும்போது எண்ணிக் குறித்துக்கொள்ளலாம்.

புள்ளி போடும்போது நாளை எங்கே வாழப்போகிறீர்கள் என்பதை நினைத்துப் போடுங்கள். நம் மலையில் இது ரொம்பவே முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் மஞ்சில் நாலு நாள் கட்டினாலும் துணி காயாத வீட்டுக்கு டிரையர் உள்ள வாஷிங் மெஷின் ஒரு பொக்கிஷம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுகிறவருக்கு அந்த டிரையரால் பெரிய லாபமில்லை, ரூம் ஹீட்டருக்கோ ஒரு புள்ளிகூட அதிகம். நீங்கள் இருவருமே மலையில்தான் இருக்கப்போகிறீர்கள் என்பதால் இந்த இரண்டுக்கும் போட்டி வரும் என்று எதிர்பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் இருக்கக்கூடிய சாமான்களை வைத்து ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். புள்ளிகள் நான் கற்பனையாகப் போட்டவை. கட்டில், எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய ஈட்டி மரக் கட்டில் என்று வைத்துக்கொள்வோம்.

| பொருள் | நீங்கள் | அவர் |
|---|---|---|
| வாஷிங் மெஷின் | 26 | 20 |
| ஃப்ரிட்ஜ் | 20 | 22 |
| ஈட்டிக் கட்டில் | 8 | 24 |
| டிவி | 6 | 14 |
| தையல் மெஷின் | 18 | 2 |
| கிரைண்டர் | 12 | 6 |
| ரூம் ஹீட்டர் | 10 | 12 |

முதல் சுற்றில் ஒவ்வொரு பொருளும் அதற்கு அதிகப் புள்ளி போட்டவருக்குப் போகும். உங்களுக்கு வாஷிங் மெஷின், தையல் மெஷின், கிரைண்டர். உங்கள் கணக்கில் 56 புள்ளி. அவருக்கு ஃப்ரிட்ஜ், கட்டில், டிவி, ஹீட்டர். அவர் கணக்கில் 72. இருவருக்குமே பாதிக்கு மேல் கிடைத்துவிட்டதைப் பாருங்கள். விருப்பம் வேறு வேறாக இருப்பதால் வரும் லாபம் அது. ஆனால் அவர் 16 புள்ளி முன்னால் இருக்கிறார். இதைச் சமன் செய்யாமல் எழுந்துவிட்டால் ஒரு மாதத்தில் அந்த 16 புள்ளி மனத்தாங்கலாக வந்து நிற்கும்.

சமன் செய்ய, முன்னால் இருப்பவரிடமிருந்து ஏதாவது ஒன்று பின்னால் இருப்பவருக்கு நகர வேண்டும். எது? அவர் குறைவாக இழந்து நீங்கள் அதிகமாகப் பெறும் பொருள். அதைக் கண்டுபிடிக்க அவர் கையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அவர் புள்ளியை உங்கள் புள்ளியால் வகுங்கள். கட்டிலுக்கு 24-ஐ 8-ஆல் வகுத்தால் 3. டிவிக்கு 2.3. ஹீட்டருக்கு 1.2. ஃப்ரிட்ஜுக்கு 1.1. மிகச் சின்ன எண் எதுவோ அதுதான் முதலில் நகர வேண்டிய பொருள். இங்கே ஃப்ரிட்ஜ். கட்டிலைத் தொடவே கூடாது. அவருக்கு 24 போகும், உங்களுக்கு 8-தான் வரும், இருவரையும் சேர்த்துப் பார்த்தால் 16 புள்ளி காற்றில் கரைந்துவிடும்.

ஆனால் ஃப்ரிட்ஜை முழுதாக நகர்த்தினால் அவர் 50-க்கு இறங்குவார், நீங்கள் 76-க்கு ஏறுவீர்கள். தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். ஆகவே ஃப்ரிட்ஜில் ஒரு பங்கு மட்டுமே நகர வேண்டும். எவ்வளவு பங்கு என்பதற்கு இடைவெளியை எடுத்து, அந்தப் பொருளுக்கு இருவரும் போட்ட புள்ளிகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இடைவெளி 16. ஃப்ரிட்ஜுக்கு 20-ம் 22-ம் சேர்ந்து 42. 16-ஐ 42-ஆல் வகுத்தால் 0.38. அதாவது ஃப்ரிட்ஜில் 38 சதவீதம் உங்களுடையது, 62 சதவீதம் அவருடையது. அப்போது இருவர் கணக்கிலும் சுமார் 63.6 புள்ளி. இந்த முறையில் எத்தனை பொருள் இருந்தாலும் கடைசியில் இப்படிப் பங்கு போட வேண்டியது அதிகபட்சம் ஒரே ஒரு பொருள்தான். மற்றதெல்லாம் முழுதாக யாரோ ஒருவருக்குப் போய்விடும்.

பணம் நுழைவது இந்த இடத்தில்தான், இங்கே மட்டும்தான். ஃப்ரிட்ஜை வெட்ட முடியாது, அதனால் அது ஒருவரிடம் இருக்கும், மற்றவருக்கு அவருடைய பங்கின் விலை பணமாகக் கிடைக்கும். பழைய ஃப்ரிட்ஜின் இன்றைய விலை 12,000 ரூபாய் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், ஃப்ரிட்ஜ் அவரிடம் இருந்து உங்களுக்கு 4,570 ரூபாய் வரும். அல்லது ஃப்ரிட்ஜை நீங்கள் எடுத்துக்கொண்டு அவருக்கு 7,430 ரூபாய் கொடுக்கலாம்.

விலையில்தான் அடுத்த சண்டை. "புதுசு முப்பதாயிரம்" என்பார் ஒருவர், "காயலான் கடையில் மூவாயிரம்கூட வராது" என்பார் மற்றவர். இதற்கு நான் பயன்படுத்தும் வழி: ஒருவர் விலை சொல்லட்டும், அந்த விலையில் ஃப்ரிட்ஜை வைத்துக்கொண்டு பணம் கொடுப்பதா, விட்டுவிட்டுப் பணம் வாங்குவதா என்று மற்றவர் தேர்ந்தெடுக்கட்டும். விலை சொல்கிறவர் அதிகமாகச் சொன்னால், அந்த விலைக்கு அவரே வாங்க வேண்டி வரலாம். குறைவாகச் சொன்னால், அந்தக் குறைந்த விலைக்கே விட்டுக்கொடுக்க நேரலாம். தனக்கு அது உண்மையில் எவ்வளவு மதிப்போ அதைச் சொன்னால்தான் இரண்டு பக்கமும் பயமில்லை. பங்கு 38, 62 என்று சமமில்லாமல் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. ஃப்ரிட்ஜ் 22 புள்ளி, விலை 12,000, ஆகவே ஒரு புள்ளி 545 ரூபாய் என்று கணக்குப் போட்டு, எல்லா இடைவெளியையும் அந்த வீதத்தில் பணமாக்கிவிடுவார்கள். செய்யாதீர்கள். கட்டிலுக்கு அவர் போட்ட 24 புள்ளியில் மரத்தின் விலையோடு ஆசையும் இருக்கிறது. தையல் மெஷினுக்கு நீங்கள் போட்ட 18-ல் நீங்கள் ஜாக்கெட் தைத்துச் சம்பாதிப்பதும் இருக்கலாம். புள்ளிக்கு ஒரே ரூபாய் வீதம் கிடையாது. பங்கு போட வேண்டிய அந்த ஒரு பொருளின் விலையில் அந்தச் சதவீதம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்து, "இது கிடைத்தால் என் பங்கு கிடைத்த மாதிரிதான்" என்று இருவருக்கும் தோன்றுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தோன்றவில்லை என்றால் விலையை மறுபடி பேச வேண்டும், புள்ளியைத் திருத்தக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முறையை அப்படியே பின்பற்றினால் ஃப்ரிட்ஜ்தான் பங்குக்கு வர வேண்டும். ஆனால் அதற்கு அடுத்து இருந்த ஹீட்டரைப் பாருங்கள், 1.1-க்கும் 1.2-க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஹீட்டரை உங்களுக்கு நகர்த்தினால் அவர் 60, நீங்கள் 66. இப்போது நீங்கள் 6 முன்னால். 6-ஐ 22-ஆல் வகுத்தால் ஹீட்டரில் 27 சதவீதம் அவருக்குத் திரும்ப வேண்டும். ஹீட்டரின் விலை 4,000 என்றால் நீங்கள் அவருக்குக் கொடுப்பது சுமார் 1,090 ரூபாய். இருவர் கணக்கிலும் 63.3 புள்ளி. ஃப்ரிட்ஜ் வழியை விடக் கால் புள்ளி சொச்சம்தான் குறைவு. கைமாறும் பணமோ நாலில் ஒரு பங்கு. கனமான ஃப்ரிட்ஜும் இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஹீட்டர் காரின் பின்சீட்டில் போய்விடும். நான் உங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தால் இரண்டையும் எழுதிக் காட்டி, ஹீட்டர் வழியைத்தான் பரிந்துரைப்பேன். புள்ளியில் ஒன்றுக்கும் குறைவான வித்தியாசம் என்றால் அதை விரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, ஏனென்றால் மொச்சையை வைக்கும்போது கைக்கு அத்தனை துல்லியம் கிடையாது. ஆனால் இந்த முடிவை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் ஃப்ரிட்ஜ் வழிதான்.

இப்போது இந்த முறையின் பலவீனமான இடம். இருவரும் உண்மையைப் போட்டால்தான் கணக்கு நியாயமாக வரும், அடுத்தவர் புள்ளி முன்பே தெரிந்துவிட்டால் ஏமாற்ற முடியும். உங்கள் தாளை அவர் எட்டிப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு நீங்கள் 8-தான் போட்டிருக்கிறீர்கள். 9 போட்டாலே கட்டில் அவருக்கு வந்துவிடும் என்று தெரிந்து, மீதி 15-ஐத் தனக்கு வேண்டவே வேண்டாத தையல் மெஷினில் சேர்த்து 17 ஆக்குகிறார். தையல் மெஷின் 18 போட்ட உங்களுக்குத்தான் போகும், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் கணக்கில் இப்போது 57-தான் தெரியும், உங்களுக்கு 56. இடைவெளி 1. ஃப்ரிட்ஜுக்காக உங்களுக்கு வர வேண்டிய 4,570 ரூபாய் சுமார் 290 ரூபாயாகச் சுருங்கிவிடும். சாமானில் ஒன்றும் மாறவில்லை, உங்கள் பணம் மட்டும் போய்விட்டது.

ஆனால் பார்க்காமல் ஊகத்தில் இதைச் செய்தால் அவருக்கே ஆபத்து. கட்டிலுக்கு நீங்கள் 8-க்குப் பதில் 10-ம், ஹீட்டருக்கு 10-க்குப் பதில் 8-ம் போட்டிருந்தால்? கட்டில் உங்களுக்கு வந்துவிடும். உங்கள் கணக்கு 66, அவருடையது 48. சமன் செய்ய உங்களிடமிருந்து முதலில் நகர வேண்டியது எது என்று வகுத்துப் பார்த்தால், 18-க்கு 17 என்று நெருங்கி நிற்கும் தையல் மெஷின். ஆசைப்பட்ட கட்டிலை இழந்து, தைக்கவே தெரியாத மெஷினில் பாதிக்கு மேல் அவர் தலையில் வந்து விழும். புள்ளி போடும் முன் இந்த இரண்டு கணக்கையும் இருவரிடமும் வெளிப்படையாகக் காட்டிவிடுவது என் வழக்கம். அதைப் பார்த்த பிறகு பெரும்பாலும் நேராகத்தான் எழுதுகிறார்கள்.

அதனால் தாள்கள் ஒரே நேரத்தில், தனித்தனி அறையில், மூடிய கவரில். இரண்டு பக்கமும் சாராத மூன்றாவது ஆள் ஒருவர் திறக்கட்டும். பெற்றோர் வேண்டாம், உங்கள் இருவருக்கும் பொதுவான நண்பரோ வக்கீலோ போதும். கூட்டுத்தொகை சரியாக 100 வருகிறதா என்று முதலில் பார்க்கட்டும். திறந்த பிறகு யாரும் திருத்தக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் தாளில் தனக்குப் பயனே இல்லாத பொருளுக்கு, அடுத்தவர் புள்ளிக்கு ஒன்றிரண்டு மட்டும் குறைவாக ஒரு எண் இருந்தால், ஊகித்து விளையாடியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். ஒரு பொருளில் அப்படி வந்தால் தற்செயல். இரண்டு மூன்றில் வந்தால் அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வழி பார்ப்பது நல்லது.

ஏலம்போல ஒவ்வொருவரும் ரூபாயில் விலை எழுதி, அதிகம் எழுதியவர் எடுத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஒருவர் மாதச் சம்பளக்காரர், மற்றவர் வீட்டிலிருந்து தைத்துச் சம்பாதிப்பவர் என்றால், பணம் உள்ளவர் எல்லாவற்றுக்கும் அதிகம் எழுதிவிட முடியும். அடுத்தவர் கையில் பணம் இருக்கும், துவைக்க மெஷின் இருக்காது. புள்ளி முறையில் இருவருக்கும் அதே 100, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும். அதே காரணத்துக்காகத்தான் கடைசிச் சமன் தொகையும் சின்னதாக இருப்பது நல்லது என்கிறேன். கொடுக்க வேண்டியவரால் அந்த மாதமே கொடுக்க முடிகிற அளவில் இருக்க வேண்டும்.

ஒருவர் மற்றவருக்குப் பயந்து எழுதுகிற வீட்டில் இந்த முறை வேலை செய்யாது. "இதற்கு அதிகம் போட்டால் என்ன சொல்வாரோ" என்று கை நடுங்கினால் அந்த 100 புள்ளி அவருடையதே அல்ல. நீங்கள் எழுதியதிலிருந்து உங்கள் வீட்டில் அப்படியில்லை என்றுதான் தெரிகிறது. அப்படி இருந்தால் நேரே வக்கீலிடம் போய்விடுங்கள்.

முடிவானதும் ஒரே தாளில் எழுதுங்கள்: எந்தப் பொருள் யாருக்கு, சமன் தொகை எவ்வளவு, யார் யாருக்கு, எந்தத் தேதிக்குள், வண்டி வாடகை யார் செலவு. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு வேன் வாடகை ஹீட்டருக்கான சமன் தொகையையே தாண்டிவிடலாம், அதனால் அதைப் பேசாமல் விடாதீர்கள். என் யோசனை, எல்லாச் சாமானையும் ஒரே நடையில் ஏற்றி, வாடகையை இருவரும் பாதி பாதி போடுவது. பரஸ்பர சம்மத மனுவில் சாமான் பிரிவினை முடிந்துவிட்டது என்று எழுதி, இந்தத் தாளையும் இணைக்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து, கவரைத் திறந்தவர் சாட்சியாக ஒரு கையெழுத்து. சமன் தொகையைக் கையில் கொடுக்காமல் பேங்க் வழியாக அனுப்புங்கள், சாமான் வேனில் ஏறுவதற்கு முந்தின நாளே.